சர்க்கரைக்குப் பட்டைத் தண்ணீர்: தினமும் குடிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பட்டை நம் சமையலில் காலங்காலமாக இருக்கும் சாமான். அதைத் தண்ணீரில் போட்டுக் குடித்தால் என்ன கெடுதல் வந்துவிடும்?

சமையலில் போடும் அளவுக்கு ஒன்றும் வராது. குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் துண்டு பல பேருக்குப் பங்காகிறது, அதுவும் வாரத்தில் சில நாள்தான். பட்டைத் தண்ணீர் அப்படியில்லை. ஒரே ஆள், தினமும், மாதக்கணக்கில், சில வீடுகளில் வருஷக்கணக்கில் குடிக்கிறார். கணக்கு மாறுவது இங்கேதான்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பட்டை காசியா என்ற வகை. அதில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் இருக்கிறது. பட்டைக்கு உள்ள இனிப்பு கலந்த வாசனையில் அதற்கும் பங்கு உண்டு. கூமரினை நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை. பெரும்பாலானவர்கள் உடலில் கல்லீரல் நொதி ஒன்று கூமரினைத் தீங்கில்லாத பொருளாக மாற்றி, சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. ஒரு சிலருக்குக் கல்லீரல் இதைத் தாங்குவதில்லை. அவர்கள் யார் என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்.

கடலூரிலும் பாண்டியிலும் மளிகைக் கடையில் வாங்குவது எந்தப் பட்டை? பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பட்டை என்று மட்டும் கேட்டால் வருவது அநேகமாகக் காசியாதான். வியட்நாம், சீனா, இந்தோனேசியா நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. விலை குறைவு, காரமும் வாசனையும் தூக்கல், சமையலுக்கு நன்றாக எடுபடும். திருப்பாதிரிப்புலியூர் கடையானாலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டானாலும், இலங்கைப் பட்டை வேண்டுமென்றால் 'சிலோன் பட்டை', 'சுருள் பட்டை' என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். விலையும் பல மடங்கு இருக்கும். மலிவாகக் கொடுத்து அதுதான் சிலோன் என்று சொன்னால், துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

முழுத் துண்டாக இருந்தால் அடையாளம் காண்பது சுலபம். காசியா தடிப்பாக, கட்டையைப் போல் இருக்கும். ஒரே ஒரு தடித்த அடுக்குதான். ஓரம் இரண்டும் உள்பக்கமாகச் சுருண்டு நடுவில் குழல் போல வெற்றிடம் தெரியும், அல்லது தட்டையான சில்லாக இருக்கும். நிறம் அடர்ந்த செம்பழுப்பு. கையால் ஒடிப்பது சிரமம், உரலில் இட்டுத்தான் உடைக்க வேண்டும். சிலோன் பட்டையை முனையில் பார்த்தால் சுருட்டு நினைவுக்கு வரும். காகிதம் போல் மெல்லிய பட்டைகள் பலவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுருட்டியிருப்பார்கள். வெளிர்பழுப்பு நிறம், விரலால் அழுத்தினாலே நொறுங்கும், மணம் மென்மையாக இருக்கும்.

பொடியாகிவிட்டால் இந்த அடையாளங்கள் எல்லாம் போய்விடும். நிறத்தையும் வாசனையையும் மட்டும் வைத்து நம்பிச் சொல்ல முடியாது. தினமும் குடிக்கப்போகிறவர் பொடி வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வரை போடலாம்?

முதலில் அளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் ஒரு வரம்பு வைத்தது. 2008இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின், இதை ஆயுள் முழுக்க எடுத்தாலும் பாதகமில்லை என்பதே அந்த வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 6 மில்லிகிராம்.

காசியாவில் கூமரின் சராசரியாகக் கிராமுக்கு 3 மில்லிகிராம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே 60 கிலோ ஆளுக்கு 2 கிராம் காசியா, 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம். நாள் முழுவதும் சாப்பிடும் எல்லாவற்றிலும் உள்ள பட்டை இதில் அடக்கம்.

ஆனால் சராசரி சராசரிதான். மரத்துக்கு மரம் கூமரின் அளவு மாறுகிறது, ஒரே மரத்தின் பட்டையிலேயே இடத்துக்கு இடம் மாறுகிறது. சில துண்டுகளில் கிராமுக்கு 1 மில்லிகிராம்கூட இருக்காது, சிலவற்றில் 7 மில்லிகிராமையும் தாண்டும். வியட்நாம் பட்டை பொதுவாக மேல்பக்கம்தான் நிற்கும். உங்கள் கையில் உள்ள துண்டில் எவ்வளவு என்று ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மஞ்சக்குப்பத்தில் ஒரு அம்மா, எடை 54 கிலோ. அவருக்கு வரம்பு 5.4 மில்லிகிராம். காலையில் இரண்டு துண்டு காசியாவை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, காலையும் மாலையும் பிரித்துக் குடிக்கிறார். துண்டின் எடையை அறிய அவரிடம் தராசு இல்லை. 50 கிராம் பாக்கெட்டைப் பிரித்து எண்ணினார், 20 துண்டு இருந்தது. ஒரு துண்டு 2.5 கிராம், இரண்டு துண்டு 5 கிராம். கூமரின் 15 மில்லிகிராம். அதில் பாதிதான் தண்ணீரில் இறங்கியது என்று வைத்தாலும் 7.5 மில்லிகிராம், வரம்பைத் தாண்டிவிட்டது. முழுதும் இறங்கினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. துண்டுகள் கூமரின் மிகுந்தவையாக இருந்துவிட்டால் இன்னும் ஏறும். அவர் ஒரு துண்டாகக் குறைத்தால் பாதிக் கணக்கில் 3.75, முழுக் கணக்கில் 7.5. ஒரு துண்டுகூடக் கரை மேல் நடப்பது போலத்தான்.

பொடியானால் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் இரண்டரை கிராம். அதைத் தண்ணீரில் கலக்கி வண்டலோடு குடிப்பவருக்குப் பாதிக் கணக்கு பொருந்தாது. உள்ளதெல்லாம் வயிற்றுக்குள் போகிறது.

வரம்பைத் தாண்டினால் உடனே கல்லீரல் கெட்டுவிடுமா?

இல்லை. நாய்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து, பாதிப்பு தெரியாத அளவை எடுத்து, அதை நூறால் வகுத்து வைத்த வரம்பு இது. இடைவெளி தாராளமாகவே இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் மூன்று மடங்கு எடுத்தால்கூட கவலைப்பட வேண்டியதில்லை என்று அந்த ஆணையமே சொல்லியிருக்கிறது. பண்டிகை வாரத்தில் நாலு நாள் பிரியாணி சாப்பிட்டவர் பயப்பட வேண்டாம். வருஷக்கணக்கில் விடாமல் தாண்டுவதுதான் பிரச்சினை. 'உடம்புக்கு நல்லது' என்று நம்பிக் குடிக்கும் பொருளை யாரும் ஒரு நாள்கூட விடுவதில்லை.

கொதிக்கவைத்தால் கூமரின் ஆவியாகிப் போய்விடாதா? இரவு ஊறவைத்துக் காலையில் குடித்தால் குறையுமா?

போகாது. கூமரினின் கொதிநிலை 300 டிகிரி செல்சியஸுக்கு மேல். அடுப்பில் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். மூடி போட்டுக் கொதிக்கவைத்தாலும் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு வெந்நீரில் கூமரின் குளிர்ந்த நீரைவிடப் பல மடங்கு நன்றாகக் கரையும். ஆக, கொதிக்கவைப்பது அதை வெளியே இழுக்கிறது, அழிப்பதில்லை.

பச்சைத் தண்ணீரிலும் ஒரு லிட்டருக்கு 2 கிராம் அளவில் அது கரையும். நம் பட்டையில் உள்ளது மில்லிகிராம் கணக்கு. ஆகவே தண்ணீருக்கு இடம் போதாமல் கூமரின் பட்டையிலேயே தங்கிவிடும் என்று எதிர்பார்க்க வழியில்லை. தடித்த துண்டை ஊறவைத்தால் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் அதற்குப் போதுமான அவகாசம். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரைக் குடித்தால் கூமரின் கொஞ்சம் குறையும், வாசனையும் கூடவே போகும். வகையை மாற்றுவதுதான் வழி, பக்குவத்தை மாற்றுவது உதவாது.

அதெல்லாம் இருக்கட்டும், பட்டையால் சுகர் குறையுமா குறையாதா?

சில ஆய்வுகளில் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. இந்தப் பேச்சைப் பெரிதாக்கியது 2003இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 60 பேர். பட்டை கொடுத்தவர்களுக்கு நாளைக்கு 1, 3, 6 கிராம் என்று மூன்று அளவில் 40 நாள் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை இறங்கியது. இணையத்தில் சுற்றும் 'பட்டை சர்க்கரையை 29 சதவீதம் குறைக்கும்' என்ற வரி இங்கிருந்து வந்ததுதான்.

அதற்குப் பிறகு பல நாடுகளில் செய்தவற்றையெல்லாம் சேர்த்து 2012இல் காக்ரேன் குழு பரிசீலித்தது. 10 ஆய்வுகள், 577 பேர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பட்டையால் குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. அதிலும் எச்பிஏ1சி அசையவில்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது அந்த மூன்று மாதச் சராசரி இறங்குவதுதான் என்பதால், எங்கள் பார்வையில் இந்த முடிவுக்கே அதிக எடை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது பட்டைப் பொடி அடைத்த மாத்திரை. துண்டைப் போட்டு ஊறவைத்த தண்ணீருக்கு அந்தப் பலன் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் எது இறங்குகிறது, எது துண்டிலேயே தங்குகிறது என்பது வேறு விஷயம். கூமரின் இறங்கும் என்பது மட்டும் உறுதி.

எனக்குக் குறைந்ததே! பட்டைத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபின் மீட்டரில் 148இலிருந்து 130க்கு வந்தது.

வந்திருக்கலாம். ஆனால் பட்டையால்தானா என்று பார்க்க இரண்டு விஷயங்களை ஒதுக்க வேண்டும்.

ஒன்று மீட்டர். வீட்டு குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமே, 100க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம் என்று அனுமதிக்கிறது. உண்மையில் 140 உள்ளவருக்கு 119 என்றும் வரலாம், 161 என்றும் வரலாம். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தாலோ ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாலோ இன்னும் தப்பும். நம் கடலோர ஈரப்பதத்தில் டப்பா மூடியை இறுக்கி வைப்பது மிக முக்கியம். ஆகவே 148, 130 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

மற்றொன்று காலைக் காபி. பட்டைத் தண்ணீர் ஆரம்பித்த பலர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட காபியை அப்போதுதான் நிறுத்தியிருப்பார்கள். நாளைக்கு இரண்டு முறை என்றால் 16 முதல் 20 கிராம் சர்க்கரை கழிந்தது. கூடவே நடைப்பயிற்சியும் தொடங்கியிருக்கும். பேர் மட்டும் பட்டைக்குப் போகிறது.

தெரிந்துகொள்ள விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். மாத்திரை, சாப்பாடு, நடை எதையும் மாற்றாதீர்கள், காபியும் சர்க்கரை இல்லாமலேயே இருக்கட்டும். பட்டைத் தண்ணீரை மட்டும் நிறுத்தி, அந்த இடத்தில் வெறும் வெந்நீர் குடியுங்கள். இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில், கை கழுவித் துடைத்து, வெறும் வயிற்றில் பார்த்து எழுதி வைத்துச் சராசரி எடுங்கள். முன்பு எழுதி வைத்த இரண்டு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். சராசரி ஏறவில்லை என்றால் குறைத்தது பட்டையல்ல. ஏறினால் அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவைப் பற்றிப் பேச அது உதவும்.

சிலோன் பட்டைக்கு மாறிவிட்டால் சரியாகிவிடுமா?

கூமரின் கவலை தீர்ந்துவிடும். அதில் கிராமுக்கு 0.1 மில்லிகிராமைக்கூடப் பெரும்பாலும் தொடுவதில்லை. முன்சொன்ன அம்மா 5 கிராம் சிலோன் பட்டை போட்டாலும் அரை மில்லிகிராமுக்குள் நிற்கும், அவர் வரம்பில் பத்தில் ஒரு பங்கு.

சர்க்கரைக் கவலை தீராது. சாதகமாக வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது காசியா. சிலோன் பட்டையும் அதே வேலையைச் செய்யும் என்று யாரும் உறுதியாகக் காட்டவில்லை. வாசனைக்காக, சர்க்கரை இல்லாத ஒரு சூடான பானம் வேண்டும் என்பதற்காகக் குடிப்பவருக்கு சிலோன் பட்டை நல்ல தேர்வு. மருந்தாக நினைத்து அதிக விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

கூமரின் என்றால் ரத்தத்தை மெலிதாக்கும் மருந்துதானே? நான் இதய வால்வுக்கு அப்படி ஒரு மாத்திரை போடுகிறேன்.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இது. வார்ஃபரின், அசெனோகுமரால் போன்ற மாத்திரைகள் கூமரின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு பொருட்கள். பட்டையில் உள்ள கூமரின் தானாக ரத்தத்தை மெலிதாக்குவதில்லை.

இருந்தாலும் உங்களைப் போன்றவர்கள் காசியாத் தண்ணீரைத் தினமும் குடிக்க வேண்டாம். அந்த மாத்திரைகளைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது, உறைதலுக்கான புரதங்களைச் செய்வதும் கல்லீரல்தான். அதற்குச் சிறு பாதிப்பு வந்தாலும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு தடுமாறும். ஏற்கெனவே குடித்து வருகிறீர்கள் என்றால், நிறுத்துவதை மருத்துவரிடம் சொல்லி, ஐஎன்ஆர் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேறு யாரெல்லாம் குடிக்கக் கூடாது?

கொழுப்புக் கல்லீரலோடு எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி ரத்தத்தில் உயர்ந்திருப்பவர்கள், மஞ்சள் காமாலை வந்து போனவர்கள், தினமும் மது அருந்துபவர்கள். காசநோய் மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் போன்று கல்லீரலைச் சோதிக்கும் மருந்து எடுப்பவர்கள். இவர்கள் எல்லோரும் காசியாத் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு எடை குறைவு என்பதால் அரை கிராமிலேயே வரம்பு வந்துவிடும். 'சளிக்கு நல்லது' என்று தினமும் கொடுக்க வேண்டாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் பட்டையை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

இரண்டு வருடமாக தினம் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, இன்றோடு விடலாம். உடம்பில் கூமரின் தேங்கி நிற்பதில்லை. சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி வெளியேறிவிடும். கூமரினால் வரும் கல்லீரல் பாதிப்பு, நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் வகை.

அடுத்து கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுங்கள். அரசு மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனைதான். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிரூபின் மூன்றையும் பாருங்கள். எஸ்ஜிபிடி உயர்ந்திருந்தால் அதற்குப் பட்டைதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம், சர்க்கரை நோயாளிகளிடம் கொழுப்புக் கல்லீரல் மிகச் சாதாரணம். பட்டை குடித்ததை, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்ற மூலிகைப் பொடி, கஷாயம் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறுத்திச் சில வாரங்களில் மறுபடி எடுக்கும் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தால் பட்டை மீது சந்தேகம் வலுக்கும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ நிறத்தில் போவது, பசியே இல்லாமல் குமட்டுவது, உடம்பெல்லாம் அரிப்பு, இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனைக்கு நாள் பார்க்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மெட்ஃபார்மினை விட்டுவிட்டுப் பட்டையோடு இருக்கலாமா?

கூடாது.

சிலோன் பட்டையில் எப்படிப் போடுவது?

ஒரு ஆளுக்கு ஒரு விரல் நீளத் துண்டு போதும். கையாலேயே நொறுக்கி, 250 மில்லி தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். தேனும் வெல்லமும் சேர்த்தால் சர்க்கரைக்காகக் குடிக்கும் நோக்கமே கெட்டுவிடும். காசியாவானால் கொதித்த தண்ணீர் ஆறும்போது சற்றே கொழகொழப்பாகும், அதில் உள்ள பசையால். சிலோன் என்று வாங்கியது அப்படிக் கொழகொழத்தால், பாக்கெட்டைத் திரும்பவும் எடுத்துத் துண்டின் முனையைப் பாருங்கள்.